ஞானஸ்நானச் சான்று கேட்டு எழுதும் கடிதம் யாருக்கு, எப்படி?

வடசென்னையில் வக்கீல் தொழில் செய்பவர்களிடம் அடிக்கடி வரும் வேலை, வாரிசு விவகாரத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் பழைய ஞானஸ்நானச் சான்று வாங்கித் தருவது. நீதிபதியை எப்படி விளிப்பது என்று கேட்டுக்கொண்டு வருகிற கட்சிக்காரர்கள்கூட, ஆலயத்துக்குக் கடிதம் எழுதும்போது யாரையும் கேட்பதில்லை. கீழ்க் கோர்ட்டில் 'ஐயா' என்றாலே போதும். அமைச்சருக்கு எழுதினால் பெயருக்கு முன் 'மாண்புமிகு' போடுகிறோம். சிக்கல் வருவது 'ஆயர்' என்ற இடத்தில்தான்.

கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். ஆனால் சி.எஸ்.ஐ. சபைகளில் உள்ளூர் ஆலயத்தை நடத்தும் குருவானவரையே ஆயர் என்கிறார்கள். அங்கே பிஷப்தான் பேராயர்.

காசிமேட்டுக்காரர் ஒருவருக்கு அம்மா கத்தோலிக்கர், அப்பா சி.எஸ்.ஐ. இருவரின் சான்றும் தேவைப்பட்டது. அப்பாவின் சபைக்கு எழுதிய கடிதத்தையே நகலெடுத்து, அம்மாவின் ஆலயத்துக்கும் 'ஆயர் அவர்களுக்கு' என்றே அனுப்பிவிட்டார். பிஷப்புக்கு வந்த கடிதம் என்று நினைத்து அலுவலகத்தில் இருந்தவர் அதைப் பிரிக்காமல் மேலே அனுப்பிவிட்டார். பதிவேடு கீழே ஆலயத்தில், கடிதம் மேலே. கோர்ட்டில் வாய்தா போனதுதான் மிச்சம்.

அதனால் முதலில் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கவனியுங்கள். 'பூசைக்குப் போனோம்', 'எங்க பங்கு' என்றால் பெரும்பாலும் கத்தோலிக்க ஆலயம். 'ஆராதனை', 'சபை' என்றால் சி.எஸ்.ஐ. அல்லது வேறு சீர்திருத்த சபை. பிறகும் சந்தேகம் இருந்தால், ஆலய வாசலில் உள்ள பலகையில் பொறுப்பாளரின் பதவியை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதையே எழுதலாம்.

கத்தோலிக்க ஆலயமானால் உறையில் 'பங்குத்தந்தை அவர்கள்' என்று எழுதி ஆலயத்தின் பெயரும் ஊரும் போடுங்கள். உள்ளே 'மதிப்பிற்குரிய அருட்தந்தை அவர்களுக்கு, வணக்கம்' என்று தொடங்கலாம். நேரில் 'ஃபாதர்' என்பது போதும். வயதானவர்கள் 'சாமி' என்பார்கள், அதுவும் மரியாதைதான். சி.எஸ்.ஐ.யில் 'ஆயர் அவர்கள்' என்று எழுதி, பெயர் தெரிந்தால் முன்னால் 'அருட்திரு' சேர்க்கலாம். நேரில் 'ஐயா'. சி.எஸ்.ஐ.யில் பெண்களும் ஆயர்களாக இருக்கிறார்கள், அங்கே 'அம்மா'. நேரே கத்தோலிக்க பிஷப்புக்கே எழுதும்போது மட்டும் 'மேதகு' வேண்டும்.

உறையில் ஆளின் பெயரைவிட பதவி முக்கியம். குருக்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள், பதிவேடு ஆலயத்திலேயே இருக்கும். போனவரின் பெயருக்கு எழுதினால் கடிதமும் அவர் பின்னாலேயே போகும்.

அப்புறம், கடிதத்துக்குள் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர், பெற்றோர் பெயர், தோராயமான வருடம், சான்று எதற்கு என்பது நான்கும் இருக்கட்டும். வீட்டில் கூப்பிட்ட பெயரை வைத்துத் தேடினால் பதிவேட்டில் ஆள் கிடைக்கமாட்டார்.