வெள்ளவத்தையில் ஒரு மழை: முரண்நகை, எள்ளல், அங்கதம்

உயர்தர வகுப்பில் தமிழைப் பாடமாக எடுக்கும் மாணவரிடம் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலுள்ள நகையை விளக்கச் சொன்னால், “ஆசிரியர் தாம் நினைத்ததற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்; எனவே இது அங்கதம்” என்ற வகையில் விடை வருவது வழக்கம். அந்த விடையின் முதற்பாதியை ஓரளவு ஏற்கலாம். வழுக்கல் இருப்பது “எனவே” என்ற சொல்லில். முரண்நகை, எள்ளல், அங்கதம் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிற்கும் மூன்று வகைகளாக எண்ணி, எது எந்தப் பெட்டிக்குள் போகும் என்று தேடுவதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. உண்மையில் முரண்நகை என்பது பொருள் உருவாகும் ஒரு முறை. எள்ளல் என்பது ஒருவரைக் குறிவைத்துச் செய்யப்படும் பேச்சுச் செயல். அங்கதம் என்பது ஒரு படைப்பு முழுவதையும் நடத்திச் செல்லும் நோக்கம். ஆகையால் ஒரே வாக்கியம் இம்மூன்றிலும் பங்குகொள்ளலாம். ஒன்றில் மட்டும் நின்றுவிடவும் கூடும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒக்டோபர் மாத மழை ஒரு மணி நேரம் விடாமல் பெய்து முழங்கால் அளவுக்கு நீர் தேங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளத்தைப் பற்றி மூன்று பேர் எழுதுகிறார்கள்.

முதலாமவர் ஒரு செய்தியாளர். “மழைநீர் வடிந்தோடாத பிரச்சினையைப் பற்றிக் கலந்துரையாடுவதற்காகக் கூட்டப்பட்ட குடியிருப்பாளர் கூட்டம், மண்டபத்துக்குச் செல்லும் ஒழுங்கை நீரில் மூழ்கியிருந்தமையால் பிற்போடப்பட்டது” என்று அவர் எழுதுகிறார். இதில் எவரும் எவரையும் கேலி செய்யவில்லை, மறைபொருளும் இல்லை. நோக்கத்துக்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள முரண்பாடு நிகழ்ச்சியிலேயே கிடக்கிறது. இது சூழல் முரண்நகை.

இரண்டாவது, ஒரு சிறுகதையில் வரும் உரையாடல். மாடிக் குடியிருப்பின் செயலாளர் ஒரு வாரத்துக்கு முன், “கான் எல்லாம் துப்புரவாக்கியாச்சு, இனி ஒரு சொட்டுத் தண்ணியும் நிக்காது” என்று உறுதி சொல்லியிருந்தார். இப்போது சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நீருக்குள் நிற்கும் அயலவர் அவரைப் பார்த்து, “ஓமோம் ஐயா, ஒரு சொட்டும் நிக்கேல்லை, எல்லாம் ஒண்டாச் சேர்ந்துதான் நிக்குது” என்கிறார். இங்கே பேசுபவர் இருக்கிறார், அடிபடுபவர் எதிரே நிற்கிறார், அடிக்கும் கோலும் அடிபடுபவரின் சொந்தச் சொல்லே. இது எள்ளல்.

மூன்றாவது எழுத்தாளர் பின்வரும் அறிவித்தலைக் கற்பனையாக எழுதுகிறார்:

“குடியிருப்பாளர்களின் நீண்டகாலக் கோரிக்கையை ஏற்று, எமது ஒழுங்கையில் நீச்சல் தடாகமொன்று திறந்துவைக்கப்பட்டுள்ளதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். இதற்கென மேலதிகக் கட்டணம் எதுவும் அறவிடப்படமாட்டாது; நீங்கள் ஏற்கெனவே செலுத்திவரும் வடிகால் பராமரிப்புக் கட்டணமே போதுமானது. தடாகத்தின் ஆழம் அவ்வப்போது முன்னறிவித்தலின்றி மாற்றியமைக்கப்படும். கானுக்குள் கிடக்கும் பொலித்தீன் பைகளை எவரும் அகற்ற வேண்டாம். நீர்மட்டம் குறையாமல் காப்பவை அவையே. அவற்றை நாள் தவறாமல் அன்பளித்துவரும் குடியிருப்பாளர்களுக்கு எமது நன்றி.”

இது அங்கதம். ஏன் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் “சிரிப்பு வருகிறது” என்பது விடையாகாது. இங்கே பேசுவது எழுத்தாளர் அல்லர். தோல்வியைச் சாதனையாக அறிவிக்கும் ஒரு நிர்வாகக் குழுவின் குரலை அவர் முகமூடியாக அணிந்திருக்கிறார். “அறியத்தருகிறோம்”, “அறவிடப்படமாட்டாது” போன்ற சுற்றறிக்கைத் தொடர்கள் அந்த முகமூடியின் அடையாளங்கள். முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தால் இது வெறும் பகிடியாகவே முடிந்திருக்கும். குற்றச்சாட்டு இரண்டாம் வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது: வடிகாலைப் பராமரிக்க வாங்கிய பணத்துக்குக் கிடைத்த பயன் இந்த வெள்ளமே என்பதைக் குழுவின் வாயாலேயே எழுத்தாளர் ஒப்புக்கொள்ள வைக்கிறார். வாங்கிய பணத்துக்குரிய வேலை நடக்க வேண்டும் என்ற நெறி எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் அந்த நெறியை மனத்தில் கொண்டால்தான் பத்தி பொருள்படுகிறது. கடைசி இரண்டு வாக்கியங்களில் குறி திரும்பிவிடுகிறது. அதுவரை குழுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குடியிருப்பாளர், கானை அடைத்த பை தம்முடையதும்தான் என்பதைக் காண்கிறார். எள்ளலில் அடி ஒரு மனிதர்மேல் விழுந்து அத்தோடு தீர்ந்துவிடுகிறது. அங்கதம் ஒரு நடைமுறையை, ஒரு பழக்கத்தைத் தாக்குகிறது. நல்ல அங்கதம் வாசகரையும் தப்பவிடுவதில்லை என்பது என் கருத்து.

சொல்லால் ஆகும் முரண்நகையை “நேர்மாறாகச் சொல்வது” என்று வரையறுப்பது பழைய வழக்கம். மெய்யியலாளரான போல் கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில், உரையாடுபவர் உண்மையையே சொல்வார் என்ற பொது எதிர்பார்ப்பைப் பேசுபவர் வெளிப்படையாக மீறும்போது, கேட்பவர் வேறொரு பொருளைத் தேடத் தொடங்குகிறார் என்று விளக்கினார். ஆனால் மூன்று ஆண்டுகளின் பின் அவரே இதிலுள்ள ஓட்டையைச் சுட்டினார். கண்ணாடி உடைந்த ஒரு காரைக் காட்டி, “பார், அதன் கண்ணாடிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன” என்று ஒருவர் சொன்னால், கூற்று நேர்மாறானதுதான். ஆயினும் கேட்பவருக்கு அது முரண்நகையாகத் தோன்றாது, குழப்பமே மிஞ்சும். அதில் எதைப் பற்றிய மனப்பான்மையும் இல்லை.

குறைந்த அந்தப் பகுதியை டான் ஸ்பெர்பர், டெய்ட்ரே வில்சன் ஆகிய இருவரும் 1981இல் முன்வைத்த கொள்கை நிரப்புகிறது. முரண்நகையாகப் பேசுபவர் தம் சொந்தக் கருத்தைச் சொல்வதில்லை. வேறொருவர் சொன்ன, நினைத்த அல்லது எல்லோரும் எதிர்பார்க்கும் ஒன்றை எதிரொலித்து, அந்த எதிரொலியிலிருந்து தம்மை விலக்கிக் காட்டுகிறார் என்பது அவர்கள் வாதம். நம் அயலவர் செயலாளரின் “ஒரு சொட்டும்” என்ற சொல்லைத் திருப்பிச் சொன்னது இதற்கு நேரான எடுத்துக்காட்டு. செயலாளர் முன்பு அவ்வாறு சொன்ன பக்கத்தை வாசிக்காத ஒருவருக்கு அந்தப் பதிலின் பாதிச் சுவை கிடைக்காது. பகுப்பாய்வு செய்யும் மாணவர் எள்ளலைக் கண்டவுடன் பிரதியில் பின்னோக்கிப் போய், எதிரொலிக்கப்படும் மூலக்கூற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இக்கொள்கை மற்றொரு புதிரையும் தீர்க்கிறது. கொட்டும் மழையில் நின்று “அருமையான காலநிலை” என்று சொன்னால் யாருக்கும் உடனே விளங்கும். வெயில் இதமாக அடிக்கும் நாளில் “மோசமான காலநிலை” என்று சொன்னால், யாராவது முன்கூட்டியே மழை வரும் என்று பயமுறுத்தியிருந்தால் ஒழிய, கேட்பவர் விழிப்பார். நன்மையை எதிர்பார்ப்பது மனிதரின் பொதுவான மனநிலை என்பதால், புகழ்ச்சிச் சொல்லுக்கு எதிரொலிக்க ஏதோவொன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. பழிச் சொல்லுக்கோ ஒரு குறிப்பிட்ட முன்கூற்று வேண்டியிருக்கிறது. உளவியலாளர்கள் 1989இல் இந்தச் சமனின்மையைச் சோதனைகளிலும் கண்டார்கள். நம் அணியிலக்கணத்தின் வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வது போலப் பழித்தல், பழிப்பது போலப் புகழ்தல் என இரு திசைகளையும் கொண்டது. இரண்டாவது வகையில் புலவர் முதலில் பழியைக் கட்டியெழுப்பிவிட்டே அதனைப் புகழாக மாற்ற வேண்டியிருப்பதற்கும் இதே காரணம் பொருந்தும்.

நேர்மாறு என்ற வரையறை கைவிடும் இன்னோர் இடம் உண்டு. நெரிசலான பஸ்ஸில், கர்ப்பிணி ஒருவர் நின்றுகொண்டிருக்க, இருக்கையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞரிடம் ஓர் அம்மா, “தம்பி, கர்ப்பிணிகளுக்கு இடம் விட்டுக்குடுக்கிற பிள்ளையளைக் கண்டால் எனக்குச் சரியான சந்தோசம்” என்கிறார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அதை நேர்மாறாக்கினால் பொருளே கெட்டுவிடும். ஆயினும் இது கூர்மையான எள்ளல். பொய்யாக இருப்பது கூற்று அன்று. அது இங்கே பொருந்தும் என்ற பாவனை மட்டுமே பொய்.

அங்கதமும் முரண்நகையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய முடியும் என்பதைத் தொல்காப்பியம் தெளிவாகவே காட்டியிருக்கிறது. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்குகிறது: முன்னது வெளிப்படையாகப் பழிப்பது, பின்னது பழியை மறைத்து வைப்பது. நமது நீச்சல் தடாக அறிவித்தல் இரண்டாம் வகை. “கட்டணத்தை வாங்கினீர், கானை மறந்தீர், கண்ணை மூடினீர்” என்று ஒரு கவிஞர் அடுக்கிச் சென்றால் அதில் முரண்நகை எதுவும் இல்லை, ஆனால் அங்கதமாக அது நிற்கக்கூடும். மறுதலையாக, முதலாவது எடுத்துக்காட்டான செய்தியில் முரண்நகை இருந்தும் அங்கதம் இல்லை. மேற்குலகத் திறனாய்வை மட்டும் படித்தவர்கள் இந்த இரட்டைப் பிரிவை ஏன் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை, துரதிர்ஷ்டத்தை முரண்நகை என்று அழைப்பது. திருமண நாளில் மழை பெய்தால் அது வெறும் இடைஞ்சல். மணமகன் வானிலை அவதானிப்பாளராக இருந்து, “அன்றைக்கு மழை வரவே வராது” என்று சொல்லித் தாமே நாளைத் தெரிவுசெய்திருந்தால்தான் அந்த மழை முரண்நகையாகிறது. நிகழ்ந்தது, தன்னைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்ட முயற்சியோடு மோத வேண்டும். நாடக முரண்நகையில் அந்த மோதல் அறிவில் நிகழ்கிறது: உதவியாளன் காசைத் திருடுவதை வாசகர் முந்திய பக்கத்தில் கண்டிருக்க, கடை முதலாளி “நம்பிக்கையான பிள்ளை” என்று சொல்லி அவனிடமே சாவியைக் கொடுக்கிறார். முதலாளி மனமாரச் சொல்கிறார். முரணை உணர்பவர் வாசகர் மட்டுமே.

அடுத்த பிழை முகமூடியை முகமாக எடுத்துக்கொள்வது. “பொலித்தீன் பைகளை அகற்ற வேண்டாம் என்று ஆசிரியர் அறிவுரை கூறுகிறார்” என்று எழுதும் மாணவர், பேசும் குரலையும் எழுதியவரையும் பிரிக்கத் தவறிவிட்டார். அவர்மேல் முழுக் குற்றமும் சுமத்த முடியாது. பேச்சில் குரலின் இழுவையும் முகக்குறிப்பும் செய்யும் வேலையை எழுத்தில் சொற்களே செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்தாளர் போதிய அடையாளம் வைக்காவிட்டால், அங்கதம் நேர்ப்பொருளாகவே வாசிக்கப்படும். மேற்கண்ட அறிவித்தலில் முதல் வாக்கியத்தையும் ஆழத்தைப் பற்றிய வாக்கியத்தையும் மட்டும் வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால், அதை உண்மையான அறிவித்தலாக நம்புபவர்கள் இருப்பார்கள். ஆகவே சான்று காட்டும்போது ஒரு வரியை மட்டும் மேற்கோள் காட்டாமல், அதனோடு பொருந்தாமல் மோதும் மற்றொரு வரியையும் சேர்த்துக் காட்ட வேண்டும்: “மகிழ்ச்சியுடன்” என்பதற்கு எதிரே “வடிகால் பராமரிப்புக் கட்டணம்”, “அன்பளித்துவரும்” என்பதற்கு எதிரே “பொலித்தீன் பைகள்”. அவ்வாறு மோதும் இரண்டாவது வரி பிரதியில் எங்கும் கிடைக்காவிட்டால், பத்தியை நேர்ப்பொருளாகவே வாசிப்பதுதான் முறை.