நிகோனியம்: Uut எப்படி Nh ஆனது

வியாசர்பாடியில் நான் டியூஷன் எடுக்கும் மாடி அறையில் ஒரு தனிம வரிசை அட்டவணை தொங்குகிறது. பாரிமுனையில் வாங்கிப் பல வருடம் ஆகிறது. ஓரமெல்லாம் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் கீழ்வரிசையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்: "மிஸ், எல்லாத்துக்கும் ரெண்டு எழுத்து, இதுக்கு மட்டும் இன்னா மூணு எழுத்து? புக்குல Nh-னு கீது, சார்ட்ல Uut-னு கீது. எது ரைட்டு?"

பக்கத்திலிருந்தவன், "டேய், NH-னா நேஷனல் ஹைவேடா" என்றான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி பார்த்தே வளர்ந்தவன், அப்படித்தான் சொல்வான்.

இரண்டும் ஒரே தனிமம்தான். அணு எண் 113. Uut என்பது பெயர் வைப்பதற்கு முன் இருந்த அடையாளம். பிரசவ ஆஸ்பத்திரித் தொட்டிலில் 'இன்னார் குழந்தை' என்று சீட்டு கட்டியிருப்பார்களே, அது மாதிரி. Nh பெயர் வைத்த பிறகு வந்தது.

முதலில் Uut. அதன் முழுப்பெயரை நம் பிள்ளைகள் 'அனன்ட்ரியம்' என்று வாசிக்கிறார்கள். அது பிழை. பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக் 1970களின் கடைசியில் இந்த முறையை வகுத்தபோதே, முதல் அசையை ஆங்கில 'மூன்' என்ற சொல்லோடு எதுகை சேரும்படி நீட்டிச் சொல்லவேண்டும் என்று குறித்துவிட்டது. ஆகவே தமிழில் 'ஊனூன்ட்ரியம்' என்பதே சரி. ஊன் என்றால் நமக்கு இறைச்சி நினைவுக்கு வரும். என்ன செய்ய, இலத்தீனில் அது 'ஒன்று'.

ஊன், ஊன், ட்ரை: 1, 1, 3. கடைசியில் 'இயம்'. அணு எண்ணின் இலக்கங்களை அப்படியே உச்சரித்தால் அதுவே பெயர். ஒவ்வொரு அசையின் முதலெழுத்தையும் எடுத்தால் u, u, t. அதுவே குறியீடு. 0 முதல் 9 வரை அசைகள் நில், ஊன், பை, ட்ரை, குவாட், பென்ட், ஹெக்ஸ், செப்ட், ஆக்ட், என். இதில் இலத்தீனும் கிரேக்கமும் கலந்துகிடப்பதைப் பார்த்து, ஏதோ கவனக்குறைவு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. ஐந்துக்கு இலத்தீன் சொல்லையே எடுத்திருந்தால் அது q-வில் தொடங்கி நான்கோடு மோதியிருக்கும். ஆறுக்கு எடுத்திருந்தால் s-இல் தொடங்கி ஏழோடு மோதியிருக்கும். ஒன்பது n-இல் தொடங்கிச் சுழியோடு மோதியிருக்கும். மோதல் வந்த இடத்திலெல்லாம் கிரேக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். பத்து இலக்கத்துக்கும் பத்து வேறு வேறு முதலெழுத்து கிடைத்துவிட்டது. மூன்று எழுத்து வைத்ததும் இதே முன்யோசனைதான்: நிலையான குறியீடு எதுவும் இரண்டு எழுத்தைத் தாண்டாது, எனவே தற்காலிகக் குறியீடு அதோடு ஒருநாளும் குழம்பாது.

இதற்குத் தமிழ் என்ன? 'ஒன்றொன்றுமூன்றியம்' என்று ஒரு மாணவி நோட்டில் எழுதி வந்தாள். ரசித்தேன். ஆனால் அவசியமில்லை. இப்படிப்பட்ட தனிமங்களைச் செய்யும் ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களே ஊனூன்ட்ரியம் என்று சொல்வது அபூர்வம். 'எலிமெண்ட் 113' என்றுதான் பேசுவார்கள். நாமும் 'தனிமம் 113' என்று சொல்லிவிட்டுப் போகலாம். தனி என்பதிலிருந்து தனிமம், சேர் என்பதிலிருந்து சேர்மம். இலங்கைத் தமிழர் மூலகம் என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்.

இனி Nh. அந்த 113ஐச் செய்தவர்கள் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் கோசுகே மோரிட்டாவின் குழுவினர். கணக்கு ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான்: துத்தநாகத்தின் அணு எண் 30, பிஸ்மத்தின் அணு எண் 83, கூட்டினால் 113. துத்தநாக அணுக்கருவை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பிஸ்மத் தகட்டின் மேல் ஏவினார்கள். பெரும்பாலானவை ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் சிதறிவிடும். 2004 ஜூலையில் ஒன்று, 2005 ஏப்ரலில் ஒன்று, பிறகு ஏழு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2012 ஆகஸ்டில் ஒன்று. மொத்தம் மூன்றே மூன்று அணு.

ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். பிறகு அது 113 என்று எப்படிச் சொல்வது? அது சிதையும் வழியை வைத்துத்தான். ஆல்பா துகள் ஒன்று வெளியேறினால் அணு எண்ணில் இரண்டு குறையும். 113 என்பது 111, 109, 107, 105 என்று படியிறங்கும். முதல் இரண்டு அணுக்களும் 105இல், அதாவது டப்னியத்தில், வந்து இரண்டாகப் பிளந்துவிட்டன. மூன்றாவது அணு பிளக்காமல் 103, 101 வரை இறங்கியது. அந்தக் கீழ்ப்படிகளில் இருந்தவை ஏற்கெனவே மற்றவர்கள் செய்து அளந்து வைத்த அணுக்கருக்கள். கீழே இருப்பது தெரிந்த ஆள் என்றால் மேலே இருந்தது யார் என்று படியை எண்ணிச் சொல்லிவிடலாம். ரஷ்யாவின் டப்னா ஆய்வுக்கூடமும் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடமும் சேர்ந்து 115ஐச் செய்து, அது சிதைந்த வழியில் 113ஐக் கண்டதாக முன்பே அறிவித்திருந்தன. ஆனால் அவர்கள் சங்கிலி போய் முடிந்த இடம் அதுவரை வேறு யாரும் பார்த்திராத அணுக்கரு. நங்கூரம் இல்லாத சங்கிலி. அதனால் 2015 டிசம்பர் 30 அன்று 113க்கான உரிமை ஜப்பானுக்குப் போனது, 115 மற்றவர்களுக்குப் போனது.

கண்டுபிடித்தவருக்கு, பெயரை முன்மொழியும் உரிமை மட்டும்தான் உண்டு. பெயரைப் புராணப் பாத்திரம், கனிமம், இடம், தனிமத்தின் பண்பு, அறிவியலாளர் ஆகியவற்றில் ஒன்றிலிருந்துதான் எடுக்கவேண்டும். வானில் உள்ளவையும் முதல் வகையில் அடங்கும். முன்மொழிந்த பெயர் வெளியிடப்பட்டு ஐந்து மாதம் பொதுமக்கள் கருத்துக்குத் திறந்திருக்கும். 2016 ஜூன் 8 அன்று வெளியிட்டார்கள், நவம்பர் 28 அன்று ஒப்புதல் வந்தது. உங்கள் வீட்டு அட்டவணையில் 113க்கு Uut இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முன் அச்சானது.

ஜப்பானியர் தங்கள் நாட்டை நிப்பான் என்றும் சொல்வார்கள், நிஹோன் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே பொருள்: ஞாயிறு தோன்றுமிடம். 'நிப்போனியம்' என்று வைத்திருக்கலாமே? வைக்க முடியாது. அந்தப் பெயர் ஒருமுறை செலவாகிவிட்டது.

செலவழித்தவரும் ஜப்பானியரே. மசதாகா ஒகாவா, லண்டனில் வேதியியலாளர் வில்லியம் ராம்சேயிடம் வேலை பார்த்தபோது, தோரியனைட் என்ற கனிமத்தை ஆராய்ந்தார். இலங்கை மண்ணில் கிடைத்த கனிமம் அது. அதைக் கண்டெடுத்தவர் நம் ஆனந்த குமாரசாமி. கலை வரலாற்றுக்காக நாம் போற்றும் அவர், தொடக்கத்தில் நிலவியலாளர். அந்தக் கனிமத்தில் ஒரு புதுத் தனிமம் இருப்பதாக 1908இல் ஒகாவா அறிவித்தார். அட்டவணையில் அப்போது காலியாக இருந்த 43ஆம் கட்டத்தில் அதை வைத்து நிப்போனியம் என்று பெயரிட்டார். குறியீடு Np. மற்றவர்களால் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. அவர் இணைதிறனைத் தவறாகக் கொண்டதால் அணு எடை ஏறத்தாழ 100 என்று வந்துவிட்டது. அவர் கையில் இருந்தது 43க்கு நேர்கீழே உள்ள 75, அதாவது ரீனியம், என்று பிற்காலத்தில் அவர் விட்டுச்சென்றவற்றை மறுபடி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1925இல் ஜெர்மானியர் ரீனியத்தை அறிவித்தார்கள், பெயர் அவர்களுக்குப் போனது. ஒரு கட்டம் கீழே இறக்கி வைத்திருந்தால் மனிதர் வென்றிருப்பார். படிக்கும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

ஒரு தனிமத்துக்கு ஒருமுறை வழங்கிவந்து கைவிடப்பட்ட பெயரை இன்னொரு தனிமத்துக்கு வைக்கக்கூடாது என்பது ஐயுபேக் விதி. பழைய நூல்களைப் புரட்டுபவர் குழம்பக்கூடாது அல்லவா. Np-யும் 1940இல் நெப்டியூனியத்துக்குப் போய்விட்டது. ஆக நிப்போனியமும் இல்லை, Np-யும் இல்லை. மிஞ்சியது நிகோனியம், Nh. குறியீட்டுக்கும் இதே கண்டிப்பு உண்டு. 112க்குக் கோப்பர்நிக்கஸ் பெயரை வைத்தபோது முதலில் Cp என்றுதான் கேட்டார்கள். லுட்டீசியத்துக்கு முன்னொரு காலத்தில் காசியோப்பியம் என்ற பெயரும் Cp-யும் இருந்ததால், Cn என்று மாற்றவேண்டியதாயிற்று.

தமிழில் எப்படி எழுதுவது? 'நிஹோனியம்' என்று ஹ போட்டு எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் தேவையும் இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் க நம் வாயில் தானாகவே இளகும். மகன், அகம் என்று சொல்லிப் பாருங்கள். நிகோனியம் என்று எழுதினாலே ஜப்பானிய ஒலி வந்துவிடுகிறது.

'ஞாயிற்றுத் தோற்றியம்' போல மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். தங்கம், இரும்பு, ஈயம், கந்தகம் நம் பட்டறையிலும் வைத்தியத்திலும் பிறந்த பெயர்கள், அவற்றுக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். புதுத் தனிமத்தின் பெயர் அப்படியல்ல, அதன் வாலில் செய்தி இருக்கிறது. 1 முதல் 16 வரையுள்ள தொகுதிகளில் வந்தால் இயம், உப்பீனிக் குடும்பத்தில் வந்தால் இன், மந்த வாயுக் குடும்பத்தில் வந்தால் ஆன். அதனால்தான் அதே நாளில் ஒப்புதல் பெற்ற 117 டென்னசின் ஆகிக் குளோரின், அயோடினோடு சேர்ந்தது. 118 ஓகனெசான் ஆகி நியான், ஆர்கானோடு சேர்ந்தது. மந்த வாயுக்களில் ஹீலியம் மட்டும் விலக்கு. சூரிய ஒளியில் அதை முதலில் பார்த்தபோது உலோகம் என்று நினைத்துவிட்டார்கள். ஒலிபெயர்த்தால் இந்த வால் தமிழிலும் அப்படியே நிற்கும், மொழிபெயர்த்தால் அறுந்துபோகும்.

குறியீட்டை மட்டும் உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதவேண்டும். முதலெழுத்து பெரியது, அடுத்தது சிறியது. தேர்வுத்தாளில் NH என்று எழுதினால் அது நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று. Nh என்றால்தான் நிகோனியம். நேஷனல் ஹைவே பையனுக்கு இதற்காகவே ஒரு மார்க் போனது.

அட்டவணையைத் தூக்கிப் போட மனசில்லை. நாலு கட்டத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி Nh, Mc, Ts, Og என்று எழுதிவிட்டோம். கீழே மிச்சமிருந்த தாளில் அந்தப் பையன் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 119 என்று எழுதி, அதற்குள் Uue என்று தானே கணக்குப் போட்டு எழுதினான். யாரும் இன்னும் செய்யாத தனிமம் அது. "ஊன், ஊன், என், இயம். கரெக்டா மிஸ்?" என்றான். கரெக்ட்தான்.