'ஹூ கால்டு மீனா?': இதில் 'டிட்' ஏன் இல்லை?

"வாட் ஹேப்பன்டு?" என்று கேட்க யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் கண்ணாடியை யார் உடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால், "ஹூ புரோக் த கிளாஸ்?" என்று வரவேண்டிய இடத்தில் பலர் "ஹூ டிட் பிரேக் த கிளாஸ்?" என்று எழுதுகிறார்கள். கேள்வி என்றாலே 'டூ, டஸ், டிட்' வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டதுதான் காரணம்.

உண்மையில் 'டிட்' வருவது காலம் காட்டும் விகுதிக்காக. "ரவி கால்டு மீனா" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'கால்டு' என்பதில் 'கால்' வினை, கடைசியில் உள்ள 'டு' இறந்தகால விகுதி. இப்போது ரவி கூப்பிட்டது யாரை என்று தெரியாது, அதைக் கேட்கிறோம். மீனாவின் இடத்தில் இருக்கவேண்டிய 'ஹூ' வாக்கியத்தின் முன்னால் போகிறது. கூடவே காலமும் ரவியைத் தாண்டி முன்னால் போகிறது. விகுதிக்கும் வினைக்கும் நடுவே ரவி நிற்கிறான். விகுதியால் தனியாக நிற்க முடியாது, ஒட்டிக்கொள்ள ஒரு சொல் வேண்டும். அதற்காகவே பொருள் எதுவும் இல்லாத 'டூ' வருகிறது, காலத்தைச் சுமந்து 'டிட்' ஆகிறது: "ஹூ டிட் ரவி கால்?"

சரி, கூப்பிட்டது யாரென்று தெரியாவிட்டால்? ரவி இருந்த இடத்தில் 'ஹூ' உட்கார்ந்தால் போதும். எழுவாயின் இடம் ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது. விகுதிக்கும் வினைக்கும் நடுவே யாரும் இல்லை. அதனால் "ஹூ கால்டு மீனா?" என்று அப்படியே நிற்கிறது. "ஹவ் மெனி பீப்பிள் கேம்?" என்பதும் இதே கதைதான்.

நடுவே எதையாவது நுழைத்துப் பாருங்கள், 'டிட்' உடனே வந்துவிடும். யார் கூப்பிடவில்லை என்பதற்கு "ஹூ டிடின்ட் கால் மீனா?" இங்கேயும் 'ஹூ' எழுவாய்தான், ஆனால் 'நாட்' குறுக்கே வந்து விகுதியைப் பிரித்துவிட்டது. "ஹூ கால்டு மீனா?" என்பதற்குச் சொல்லும் பதிலும் அப்படித்தான்: "ரவி டிட்." வினையே காணாமல் போனதால் காலத்தைச் சுமக்க 'டிட்' வேண்டியிருக்கிறது.

"ஹூ டிட் பிரேக் த கிளாஸ்?" என்பதும் ஒரு இடத்தில் சரியாக வரும். நீயும் இல்லை, அவனும் இல்லை, அப்புறம் யார்தான் உடைத்தது என்று 'டிட்'டை அழுத்திக் கேட்கும்போது. சாதாரணமாகக் கேட்க நினைத்து இதை எழுதினால், படிப்பவருக்கு அந்த அழுத்தம்தான் கேட்கும்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. 'யார்', 'யாரை' என்று ஒரு 'ஐ' உருபு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'ஹூம்' என்ற வடிவம் உண்டு, ஆனால் பேச்சில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே 'ஹூ' என்று காதில் விழுந்ததும் அடுத்த சொல்லைக் கவனியுங்கள். 'கால்டு' என்றால் யார், 'டிட் ரவி' என்றால் யாரை.