இடது பக்கம் தள்ளினால் ஓவர்ஷூட் குறையாது

போன வாரம் பெங்களூர் பீன்யாவில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். ஓசூர்ப் பையன், லேபிள் ஒட்டும் மெஷின் போடுகிற ஒரு சின்னக் கம்பெனியில் சர்வோ ட்யூன் பண்ணுகிறான். "அண்ணா, துருவத்தை ரெண்டு மடங்கு இடது பக்கம் தள்ளிட்டேன், ஓவர்ஷூட் அப்படியேதான் இருக்கு, சாஃப்ட்வேர்ல ஏதோ பக் போல." இந்த வருஷத்தில் இதே கதையை இதே தொனியில் கேட்பது எனக்கு நாலாவது தடவை. சாஃப்ட்வேரில் பக் எதுவும் இல்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (நாங்கள் பேசும்போது 'போல்' என்றுதான் சொல்வோம். தமிழில் எழுதினால் 'அதுபோல்' என்று படித்துத் தொலைப்பீர்கள், அதனால் இங்கே துருவம்.)

அவன் மெஷினில் ஒரு மோட்டார், பொசிஷன் லூப், கூடவே வேகத்தை அளந்து திருப்பிக் கொடுக்கும் ஃபீட்பேக். மொத்த லூப்பின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் கீழ்ப்பகுதி s² + 10s + 169, அதாவது துருவங்கள் -5 ± j12. நகர வேண்டிய தூரம் 20 மி.மீ., அதையும் ராம்ப் எதுவும் இல்லாமல் ஒரே ஸ்டெப்பாகக் கொடுக்கிறான் (அது தனிச் சண்டை, இன்னொரு நாள்). ஆக்சிஸ் 5.4 மி.மீ. தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. நிற்க வேண்டிய இடத்துக்கு 4 மி.மீ. அப்பால் ஒரு சென்சார் பிராக்கெட் இருக்கிறது, சரியாகச் சொன்னால் இருந்தது.

சரி, தம்பி என்ன செய்தான்? இரண்டு கெயினையும் ஏற்றித் துருவங்களை -10 ± j24-க்குக் கொண்டுபோனான். இப்போதும் 5.4 மி.மீ.தான் தாண்டுகிறது, என்ன, பிராக்கெட்டை முன்னைவிட வேகமாகப் போய் இடிக்கிறது.

இடது பக்கம் போனால் நல்லது என்று இவர்களுக்கு எங்கேயோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது பாதி உண்மை என்பதுதான் தொல்லையே. இடது பக்கம் போகப் போக ஆட்டம் சீக்கிரம் அடங்கும், அதில் சந்தேகமில்லை. -5-இல் அடங்கச் சுமார் 0.8 நொடி, -10-இல் 0.4 நொடி. ஆனால் ஓவர்ஷூட் என்பது ஆட்டம் எப்போது அடங்கும் என்ற கேள்வி இல்லை, முதல் அரை ஆட்டம் முடிவதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கும் என்ற கேள்வி. அந்த அரை ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைத் துருவத்தின் உயரம் முடிவு செய்கிறது: π/12, அதாவது 0.26 நொடி. தம்பி அடங்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினான், கூடவே உயரத்தை 24 ஆக்கி அரை ஆட்டத்தின் நேரத்தைப் பாதியாக்கினான். அடங்கும் வேகம் இரண்டு மடங்கு, அதற்குக் கிடைக்கும் நேரம் பாதி. கணக்கு நேராகிவிட்டதா?

```
OS = exp(-π·σ/ωd)
-5 ± j12   →  exp(-π·5/12)   = 27%
-10 ± j24  →  exp(-π·10/24)  = 27%
-10 ± j10  →  exp(-π)        = 4.3%
```

இடது பக்கத் தூரமான σ-வும் உயரமான ωd-யும் தனித்தனியாக வரவே இல்லை, விகிதமாகத்தான் வருகின்றன. ஆதிப்புள்ளியில் இருந்து துருவத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நீளம் இயல் அதிர்வெண் ωn, இங்கே 13. அந்தக் கோடு இடப்பக்க அச்சோடு உண்டாக்கும் கோணத்தின் கொசைன்தான் தணிப்பு விகிதம் ζ, இங்கே 5/13, அதாவது 0.385. தம்பி அதே கோட்டின் மேலேயே துருவத்தை இழுத்துக்கொண்டு போனான். நீளம் 26 ஆயிற்று, கோணம் இம்மியும் மாறவில்லை. ஓவர்ஷூட் கோணத்துக்கு மட்டும்தான் கட்டுப்படும். (திரையில் தெரிகிற ஆட்டத்தின் வேகம் 12, 13 இல்லை. அளந்ததை ωn என்று எழுதிக்கொண்டு வருபவர்களிடம் இன்னொரு நாள் பேசிக்கொள்கிறேன்.)

வேக ஃபீட்பேக்கை அவன் ஏற்றிய அளவிலேயே விட்டுவிட்டு, பொசிஷன் கெயினை 676-இல் இருந்து 200-க்கு இறக்கச் சொன்னேன். "இறக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டான். இறக்கினான். துருவங்கள் -10 ± j10-க்கு வந்தன, 45 பாகை, ζ 0.707. தாண்டியது 0.9 மி.மீ.க்கும் குறைவு. புது பிராக்கெட் பத்திரமாக இருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மறுபடி போன். பக்கத்து மெஷினில் ஒரு ஸ்பிண்டில், வேகத்துக்கு PI லூப். "அண்ணா, நீங்க சொன்ன அதே -10 ± j10-லதான் வெச்சேன். 1000 ஆர்பிஎம் கேட்டா 1200 தாண்டிப் போய் டிரைவ் டிரிப் ஆகுது." ஓவர்ஸ்பீட் வரம்பு 1150. சூத்திரப்படி 1043-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

உச்சம் எத்தனை நொடியில் வருகிறது என்று கேட்டேன். 0.16 என்றான். அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இந்தத் துருவங்களுக்கு உச்சம் π/10, 0.31 நொடியில் வர வேண்டும். பாதி நேரத்தில் வருகிறது என்றால் மேல்பகுதியில் ஒரு ஜீரோ உட்கார்ந்திருக்கிறது. PI கன்ட்ரோலர் பிழையின் மேல் வேலை செய்தால் ஜீரோ தானாக வந்துவிடும்:

```
T(s) = (20s + 200) / (s² + 20s + 200)
```

ஜீரோ -10-இல், துருவங்களுக்கு நட்டநடுவே. கணக்குப் போட்டால் உச்சம் π/20 நொடியில் வரும், தாண்டல் exp(-π/2), 20.8%. அதாவது 1208 ஆர்பிஎம். அவன் பார்த்தது அச்சு அசலாக அதுதான். அந்த 4.3% சூத்திரம் மேலே s இல்லாத, சுத்தமான இரண்டாம் படி அமைப்புக்கு மட்டும் எழுதியது. பாடப்புத்தகத்தில் அந்த நிபந்தனை முதல் வரியில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

இதற்குத் துருவத்தைத் தொடவே வேண்டாம், தொட்டால் கெடும். கேட்கும் வேகத்தை 10/(s+10) ஃபில்டர் வழியாக அனுப்பினால் ஜீரோ அடிபட்டுப் போகும், தாண்டல் மறுபடி 4.3%-க்கு வரும். சில டிரைவ்களில் P பகுதியை அளந்த வேகத்தின் மேல் மட்டும் வேலை செய்ய வைக்கலாம், அதிலும் இதே பலன்தான். கொஞ்சம் மெதுவாக ஏறும், பரவாயில்லை. இன்னொன்று, லோடு திடீரென்று மாறினால் வருகிற ஆட்டத்தை இந்த ஃபில்டர் தொடாது, அது கேட்கும் வேகத்தின் வழியில் மட்டும்தான் நிற்கிறது.

இனிமேல் போன் செய்வதற்கு முன்னால், தயவு செய்து, ஸ்கோப்பில் உச்சம் வரும் நேரத்தை அளந்து π/ωd-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சதவீதத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, உங்கள் மாடலே வேறு. அப்புறம் ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்கள். தாண்டும் சதவீதம் மாறினால் டிரைவ் கரண்ட் லிமிட்டில் முட்டுகிறது, அங்கே துருவக் கணக்கே செல்லாது. தம்பி 169-ஐ 676 ஆக்கியபோது அதே பிழைக்கு நாலு மடங்கு டார்க் கேட்டான். டிரைவ் பெரிசாக இருந்ததால் தாங்கியது. இதையெல்லாம் பார்த்த பிறகும் பிடிபடவில்லை என்றால் ஸ்கோப் படத்தோடு கூப்பிடுங்கள், எடுக்கிறேன். "இன்னும் இடது பக்கம் தள்ளட்டுமா அண்ணா" என்று கேட்பதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள்.