மேரி வித், ரீச் டு, என்டர் இன்டு: அந்தக் கூடுதல் சொல் எங்கிருந்து வருகிறது?

அலுவலகக் கடிதங்களையும் வேலை விண்ணப்பங்களையும் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுப்பது என் தொழில். எழுத்துப்பிழை இப்போதெல்லாம் என் மேசைவரை வருவதே அபூர்வம். கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அதையும் மீறி வந்து சேர்வது, வினைச்சொல்லுக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் ப்ரெப்பொசிஷன். நன்றாகப் படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள், காரணம் அறியாமை இல்லை.

எனக்கு வரும் விடுப்புக் கடிதங்களின் வார்ப்பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "மை சிஸ்டர் இஸ் மேரியிங் வித் அ டாக்டர் இன் மதுரை. ஐ ரிக்வெஸ்ட் ஃபார் த்ரீ டேஸ் லீவ். ஐ வில் ரீச் டு சென்னை ஆன் மண்டே அண்ட் டிஸ்கஸ் அபௌட் த ப்ராஜெக்ட் வித் யூ."

இதில் நான்கு சொற்களை அடித்துவிடலாம்: முதல் வித், அப்புறம் ஃபார், டு, அபௌட். ஆனால் இன் மதுரை, ஆன் மண்டே, கடைசியில் வரும் வித் யூ மூன்றும் இருக்க வேண்டியவை. கடைசி வித் சரி, முதல் வித் தப்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஸ்கஸ் என்ற வினை தனக்கு நேர் பின்னால் ப்ராஜெக்டை எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில்தான் இடையில் யாரும் நுழையக்கூடாது. ப்ராஜெக்ட் வந்து உட்கார்ந்த பிறகு யாரோடு, எங்கே, எப்போது என்ற விவரங்களெல்லாம் தங்கள் ப்ரெப்பொசிஷனோடு தாராளமாக வரலாம். மேரிக்கும் அப்படியே. யாரை என்பது வினையை ஒட்டி வரவேண்டும்: மேரியிங் அ டாக்டர்.

இந்தக் கூடுதல் சொல் நம் வாயில் வருவதற்குத் தமிழ்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. சென்னைக்குப் போய்ச் சேருவேன் என்பதில் இருக்கும் 'கு', ரீச்சுக்குப் பின்னால் டு ஆகிவிடுகிறது. ரூமுக்குள் நுழைந்தான் என்பதன் 'உள்' இன்டு ஆகிறது. ப்ராஜெக்டைப் பற்றிப் பேசலாம் என்பதன் 'பற்றி' அபௌட் ஆகிறது. யாரோட கல்யாணம் என்பதில் இருக்கும் 'ஓடு' மேரிக்குப் பின்னால் வித் ஆக வந்து நிற்கிறது. ஆங்கில வினையோ அந்த உறவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. என்டர் என்றாலே உள்ளே போவதுதான். இன்டு போட்டால் உள்ளே உள்ளே என்று இரண்டு முறை சொன்னதாகிறது.

மீதிப் பாதி உண்மை என்னவென்றால், சரியான வடிவமும் தமிழிலேயே இருக்கிறது. அவனை மணந்தாள் என்கிறோம், அவனோடு மணந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. சென்னையை அடைந்தோம் என்கிறோம், சென்னைக்கு அடைந்தோம் என்றால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். மண, அடை இரண்டும் 'ஐ' உருபைக் கேட்கும் வினைகள். மேரியும் ரீச்சும் அந்த வகை. அதனால் கல்யாணம் பண்ணு, போய்ச் சேர் என்று நினைக்காமல் மண, அடை என்று நினைத்து எழுதிப் பாருங்கள், தப்பான சொல் தானாக உதிர்ந்துவிடும். ஆனால் இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பாட்டைக் கேட்டேன் என்பதிலும் 'ஐ'தான் இருக்கிறது, ஆங்கிலத்தில் லிசன் டு என்றுதான் வரவேண்டும். கேள்விக்குப் பதில் சொன்னேன் என்பதில் 'கு' இருக்கிறது, ஆன்சருக்குப் பின்னால் டு வராது. ஆகவே தமிழ் உருபை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில் தமிழைவிடப் பெரிய குற்றவாளி ஆங்கிலப் பெயர்ச்சொல். வீட்டில் கிடக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மேரேஜ் ஆஃப் அவர் டாட்டர் என்று தொடங்கி, பெண்ணின் பெயர் போட்டு, வித் என்று மாப்பிள்ளை பெயர் வரும். அந்த வித் முழுக்கச் சரி. ஏனென்றால் மேரேஜ் பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லால் இன்னொரு பெயரை நேராகப் பிடித்துக்கொள்ள முடியாது; நடுவில் ஒரு கொக்கி தேவை. ஆண்டுக்கணக்காக மேரேஜ் வித் என்று படித்த கண், மேரி என்ற வினைக்கும் அதே கொக்கியை மாட்டிவிடுகிறது.

அதே பத்திரிகையில் சரியான பாடமும் இருக்கிறது. பல பத்திரிகைகளில் ரிக்வெஸ்ட் த ப்ளஷர் ஆஃப் யுவர் கம்பெனி என்று போடுவார்கள். ரிக்வெஸ்ட் அங்கே வினை, ஃபார் இல்லை. இன்னும் சில பத்திரிகைகளில் சொலிசிட் யுவர் ப்ரெசென்ஸ் என்று வரும், அதிலும் வினைக்குப் பின்னால் எதுவும் இல்லை. விடுப்புக் கடிதத்தில் மட்டும் ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் எப்படி வந்தது? மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் என்ற பெயர்ச்சொல் வடிவத்திலிருந்துதான். டிஸ்கஷன் அபௌட் சரி, டிஸ்கஸ் அபௌட் தப்பு. எம்ஃபஸிஸ் ஆன் சரி, எம்ஃபஸைஸ் ஆன் தப்பு. ஆர்டர், டிமாண்ட், விசிட், அப்ரோச், லேக் போன்றவற்றில் வினையும் பெயரும் ஒரே வடிவம் என்பதால் குழப்பம் இன்னும் அதிகம். சொல்லுக்கு முன்னால் அ, த, மை போன்ற ஒன்று வந்தால் அது பெயர், கொக்கி போடுங்கள்: அ விசிட் டு ஊட்டி. கடந்தகால 'எட்' ஒட்டிக்கொண்டு வினையாக நிற்கிறதா, கொக்கியைக் கழற்றுங்கள்: வி விசிட்டட் ஊட்டி.

சந்தேகம் வரும்போது நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தைச் செயப்பாட்டுவினைக்கு மாற்றிப் பார்ப்பேன். மீட்டிங் மினிட்ஸ் எழுதுகிறவர்கள் எல்லாரும் த மேட்டர் வாஸ் டிஸ்கஸ்ட் என்று சரியாகவே எழுதுகிறார்கள். டிஸ்கஸ்ட் அபௌட் என்று முடிப்பதில்லை. டாக் என்ற வினையை அங்கே போட்டால் டாக்ட் அபௌட் என்று முடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் டாக்குக்கு அபௌட் சொந்தம், டிஸ்கஸுக்குச் சொந்தமில்லை. அ டிசிஷன் வாஸ் ரீச்ட், த கொஸ்டின் வாஸ் ஆன்சர்ட் இரண்டும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

மேரியில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஷி இஸ் மேரீட் டு அ டாக்டர் என்பது சரியான ஆங்கிலம், ஆனால் அங்கே மேரீட் என்பது நடந்த செயலைச் சொல்லாமல், திருமணமான நிலையைச் சொல்கிறது. நிலையைச் சொல்லும்போது டு வரும். கெட் மேரீட் என்றாலும் டு தான். இரண்டிலும் வித் வராது. ரிஸெம்பிள், லேக் ஆகியவற்றைச் செயப்பாட்டுவினைக்கு மாற்றவே முடியாது, ஆனாலும் அவற்றுக்குப் பின்னால் ப்ரெப்பொசிஷன் கிடையாது: ஹி ரிஸெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்.

என்டர் இன்டு தப்பு என்று சொன்னதும் இரண்டு பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒருவர் வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர். அவர் தட்டச்சு செய்யும் பத்திரத்தின் முதல் வரியிலேயே மேட் அண்ட் என்டர்ட் இன்டு என்று இருக்கிறது. அது சரிதான். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, கூட்டுத்தொழில் போன்றவற்றில் ஒரு தரப்பாகச் சேரும்போது என்டர் இன்டு தனிப் பொருளுள்ள தனித் தொடர். அங்கே இன்டுவை எடுத்தால்தான் பிழை. சுவரும் கதவும் உள்ள இடத்துக்குள் காலெடுத்து வைத்தால் வெறும் என்டர்: ஹி என்டர்ட் த ரூம். எக்ஸெல்லில் தகவல் ஏற்றும்போது என்டர் த டேட்டா இன்டு த ஷீட் என்பதும் சரி. டேட்டா வினையை ஒட்டி வந்துவிட்டது, இன்டு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொருவர் பைபிள் வாசிக்கிறவர். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும் வசனத்தில் என்டர் இன்டு த கிங்டம் ஆஃப் காட் என்றே இருக்கிறது. அவர் சொல்வது உண்மை. அந்தக் கால ஆங்கிலத்துக்கு அது பொருந்தியது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதே வசனம் என்டர் த கிங்டம் என்று மாறியிருக்கிறது. வேலை விண்ணப்பத்துக்கு இன்றைய வழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ரீச்சிலும் இப்படி விதிவிலக்குகள் உண்டு. முழங்கால்வரை நீளும் பாவாடை ரீச்சஸ் டு த நீஸ். அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கை நீட்டினால் ரீச் ஃபார். உதவி கேட்டு ஒருவரைத் தொடர்புகொண்டால் ரீச் அவுட் டு. ஊருக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்வதற்கு மட்டும் எதுவும் வேண்டாம். அதே பொருளில் அரைவ் போட்டால் அட் அல்லது இன் வேண்டும், கெட் போட்டால் டு வேண்டும். ஏறக்குறைய ஒரே பொருளுள்ள ஜோடிகளில் ஒன்று கொக்கி கேட்கும், இன்னொன்று கேட்காது: வெயிட் ஃபார், ஆனால் வெறும் அவெய்ட், ஆஸ்க் ஃபார், ஆனால் வெறும் ரிக்வெஸ்ட். ஜோடியாகவே மனத்தில் ஏற்றிக்கொண்டால் எளிது.

அகராதி பார்ப்பதாக இருந்தால் பொருளோடு நிறுத்தாமல் பக்கத்தில் இருக்கும் குறியையும் பாருங்கள். கேம்ப்ரிட்ஜ் இணைய அகராதியில் டிஸ்கஸுக்குப் பக்கத்தில் [T] இருக்கும், அதாவது பின்னால் வருவதை நேராகப் பிடித்துக்கொள்ளும் வினை. அரைவுக்கு [I] இருக்கும், நேராகப் பிடிக்காது. ஒரே வினைக்கு இரண்டு குறியும் இருந்தால், உங்களுக்கு வேண்டிய பொருளுக்கு நேரே உள்ள உதாரண வாக்கியத்தைப் படித்துவிடுங்கள். குறி மட்டும் அங்கே போதாது.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு வரும் அடுத்த கடிதம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆன்சர் யுவர் மெயில் சரி என்று தெரிந்ததும், ரிப்ளை யுவர் மெயில் என்று எழுதிவிடுகிறார்கள். ரிப்ளைக்கு டு கட்டாயம் வேண்டும். அட்டெண்டட் த மீட்டிங் என்று கற்றுக்கொண்டவர், வாடிக்கையாளரின் புகாரைக் கவனித்தேன் என்பதற்கும் அட்டெண்டட் த கம்ப்ளெயிண்ட் என்று எழுதுகிறார். கவனித்துச் சரிசெய்தால் அட்டெண்டட் டு. டுவை விட்டுவிட்டால் அவர் புகாருக்கு நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.