சர்க்யூட் கோப்பைத் திறக்க முடியாதவருக்கும் புரியும் கிட் ரெப்போ

ரெஸ்யூமேயில் இருக்கும் கிட்ஹப் இணைப்பை ஒருவர் சொடுக்கினால், திரையில் முதலில் வருவது கோப்புகளின் பட்டியல். அதற்குக் கீழே, README.md என்ற கோப்பு இருந்தால், கிட்ஹப் அதைத் தலைப்பும் படமும் அட்டவணையுமாக விரித்துக் காட்டும். இல்லையென்றால் வெறும் பெயர்கள்தான். மின்னணு புராஜெக்ட்டுகளுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நிரல் எழுதியவரின் கோப்பைத் திறந்தால் நிரல் தெரிகிறது. கீகேட்டில் சர்க்யூட் வரைந்தவரின் .kicad_sch கோப்பைத் திறந்தால் படம் தெரிவதில்லை. அடைப்புக்குறிகளுக்குள் எண்களும் சொற்களுமாகப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வரிகள்தான் ஓடுகின்றன. பல வாரம் உழைத்து வரைந்த சர்க்யூட், பார்க்க வந்தவருக்கு ஒரு கோடாகக்கூடத் தெரியாமல் போய்விடுகிறது.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். முதலில் ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்தவர். அவர் கீகேட்டை நிறுவப் போவதில்லை. இது என்ன, வேலை செய்கிறதா, இந்த ஆள் எதைச் செய்தார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். அவர் அனுப்பி வைத்தால் அடுத்து வருபவர் பொறியாளர். அவர் நேர்காணலில் என்ன கேட்கலாம் என்று தேடிக்கொண்டு வருவார். ரீட்மியின் மேல்பகுதி முதல் ஆளுக்கு, கீழ்ப்பகுதி இரண்டாம் ஆளுக்கு என்று வைத்துக்கொண்டால் எதை எங்கே எழுதுவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ESP32 சிப், BME280 சென்சார், 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் பேட்டரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி விழித்து, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்குகிறது. ரீட்மியின் முதல் வரியில் இதைத்தான் எழுத வேண்டும், முடிந்தால் எத்தனை நாள் ஓடும் என்ற எண்ணோடு சேர்த்து. "ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட் கண்காணிப்பு அமைப்பு" என்று தொடங்கும் ரீட்மிகள் நிறைய உண்டு. அந்த வரியிலிருந்து கருவி எதை அளக்கிறது என்றுகூடத் தெரியாது. முதல் வரிக்கு அடுத்து, முடிந்த கருவியின் ஒரு புகைப்படம். மேல்பகுதி அவ்வளவுதான்.

கீழ்ப்பகுதியில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. பொறியாளர் தேடுவது, ஏன் இந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கான பதில். நம் உதாரணத்தில் அந்தக் கேள்வி மின்னழுத்த ரெகுலேட்டரைச் சுற்றி வரும். எல்லோருக்கும் பழகிய AMS1117 ரெகுலேட்டர், சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். அதோடு, முழுச் சுமையில் வெளியே வரும் அழுத்தத்தைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் உள்ளே கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 3.3 வோல்ட் வேண்டுமென்றால் 4.4 வோல்ட்டாவது தேவை, லித்தியம் பேட்டரியோ முழு சார்ஜிலேயே 4.2 தான். சரி, MCP1700 போடலாமா? அது குடிப்பது 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் அதிகபட்சம் 250 மில்லி ஆம்பியர்தான் தரும். வைஃபை அனுப்பும் கணங்களில் ESP32 அந்த எல்லையைத் தொட்டுவிடும், அழுத்தம் சரியும், சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்ற வரி வந்து சிப் ரீசெட் ஆகும். HT7833 ரெகுலேட்டர் 500 மில்லி ஆம்பியர் தரும், தான் குடிப்பது சுமார் 4 மைக்ரோ ஆம்பியர். முதல் பலகையில் MCP1700, இரண்டாவதில் HT7833 என்று புராஜெக்ட் நகர்ந்திருந்தால், அந்த மாற்றத்தையும் காரணத்தையும் நாலைந்து வரியில் எழுதிவிடுங்கள். ரீட்மி முழுவதிலும் பொறியாளர் நின்று படிக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து கணக்கு. தூக்கத்தில் சிப்புக்குச் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர், ரெகுலேட்டருக்கு 4, பேட்டரி அழுத்தத்தை அளக்கும் இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்கள் வழியே 2, ஆகமொத்தம் 16. விழித்திருக்கும் 3 விநாடியில் சராசரியாக 120 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்த முடியும் என்று வைத்துக்கொண்டால்:

```
(120 mA × 3 s) / 600 s  = 0.6 mA
0.6 mA + 0.016 mA       = 0.616 mA
2000 mAh / 0.616 mA     ≈ 3250 h ≈ 135 d
```

AMS1117 வேலை செய்யும் என்றே வைத்துக்கொண்டாலும் அதன் 5 மில்லி ஆம்பியரைச் சேர்த்தால் 135 நாள் 15 நாளாகச் சுருங்கிவிடும். இந்த ஒரு ஒப்பீட்டுக்கு ரீட்மியில் பெரிய மதிப்பு உண்டு.

கணக்கோடு, அளந்த எண்ணையும் பக்கத்திலேயே போட வேண்டும். எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் தூக்க மின்னோட்டத்தை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் வரம்பில் உள்ளே ஒரு ரெசிஸ்டர் தொடராக இருக்கும். தூக்கத்தில் அதனால் பாதகமில்லை. சிப் விழித்து 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்ததும் அந்த ரெசிஸ்டரிலேயே பெரும்பகுதி அழுத்தம் விழுந்து, கருவி ரீசெட் ஆகும். அதனால் தூக்கத்தையும் விழிப்பையும் தனித்தனியாக அளந்தீர்களா, விழிப்பை ஒரு ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே ஆசிலோஸ்கோப்பில் பார்த்தீர்களா என்று ஒரு வரி இருக்கட்டும். அளந்த எண் 16-க்குப் பதில் 40 என்று வந்திருந்தால் 40 என்றே போடுங்கள். அந்த வித்தியாசம் எங்கிருந்து வரலாம் என்று உங்கள் ஊகத்தையும் சொல்லுங்கள். எல்லைகளையும் மறைக்க வேண்டாம். பேட்டரி சுமார் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரெகுலேட்டரால் 3.3-ஐப் பிடித்து வைக்க முடியாது என்பது போன்றவை.

இப்போது சர்க்யூட் கோப்புகள். மூலக் கோப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அவற்றோடு கீகேட் இல்லாமலே திறக்கக்கூடிய ஒரு பிரதியும் வேண்டும். கீகேட் 7-லிருந்து இதைக் கட்டளை வரியிலேயே எடுக்கலாம்:

```
kicad-cli sch export pdf node.kicad_sch -o docs/schematic.pdf
```

கிட்ஹப் பிடிஎஃப் கோப்பைப் பிரவுசரிலேயே காட்டிவிடும். சர்க்யூட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி எடுத்து, அதே கமிட்டில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிஎஃப்பில் MCP1700-ம் மூலக் கோப்பில் HT7833-ம் இருக்கும், பார்ப்பவர் எதை நம்புவது? கீகேட் தானாக உருவாக்கும் .kicad_prl கோப்பையும் -backups என்று முடியும் அடைவையும் .gitignore-இல் போட்டுவிடலாம்.

புகைப்படங்களில் மூன்று போதும். பலகை மேலிருந்து நேராக, அடிப்பக்கம், அப்புறம் அளவீட்டுக்காகக் கருவிகளோடு இணைத்திருக்கும் காட்சி. ஃபிளாஷ் போட்டால் பளபளக்கும் ஈயப்பற்று மட்டுமே தெரியும், சிப்பின் மேல் எழுதியிருப்பது தெரியாது. ஜன்னலோரத்தின் மென்மையான வெளிச்சம் இதற்கு நல்லது. போனிலிருந்து வரும் படம் அப்படியே ரெப்போவுக்குள் போகக் கூடாது. அது பல எம்பி இருக்கும், அதற்குள் எக்ஸிஃப் தகவலாக எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களும் இருக்கலாம். பெரும்பாலும் அந்த இடம் உங்கள் வீடு. கிட் கோப்பை ஒரு பைட்கூட மாற்றாமல் வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த எண்களும் அப்படியே பொதுவெளிக்குப் போய்விடும்.

```
magick IMG_2041.jpg -auto-orient -resize 1600x -strip -quality 82 images/board-top.jpg
```

இதில் `-strip` எக்ஸிஃப்பை நீக்குகிறது. `-auto-orient` அதற்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. படம் எந்தப் பக்கம் நிமிர வேண்டும் என்ற குறிப்பும் எக்ஸிஃப்பில்தான் இருக்கிறது. முதலில் நீக்கிவிட்டால் பலகை படுத்துக்கொள்ளும்.

படத்தை முன்கூட்டியே சிறிதாக்கச் சொல்வதன் காரணம் கிட் சேமிக்கும் முறையில் இருக்கிறது. ஒரு கோப்பைக் கமிட் செய்யும்போது, கிட் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணின் பெயரிலேயே அதைச் சேமிக்கிறது. கமிட் என்பது அந்த நேரத்தில் எந்தெந்த ஹாஷ்கள் இருந்தன என்ற பட்டியல். நாளை நீங்கள் 5 எம்பி படத்தை அழித்துவிட்டுச் சிறிய படத்தை வைத்தால் புதிய பட்டியலில் சிறியது இருக்கும். பழைய பட்டியலோ இன்னும் 5 எம்பி படத்தைத்தான் சுட்டிக்கொண்டிருக்கிறது. ரெப்போவை வழக்கம்போல் குளோன் செய்பவர் இரண்டையும் இறக்குவார். உரைக் கோப்புகளின் பதிப்புகளைக் கிட் வித்தியாசங்களாகச் சுருக்கி வைக்கும். ஜேபெக்கில் சிறு திருத்தம் செய்து சேமித்தாலும் பைட்டுகள் பெருமளவு மாறிவிடுவதால் அங்கே அந்தச் சுருக்கம் பலிக்காது. `git count-objects -vH` என்று கேட்டு, `size`, `size-pack` என்ற இரண்டு வரிகளையும் கூட்டினால் மொத்த எடை தெரியும்.

எடையைவிடக் கவலைக்குரியது கடவுச்சொல். ஃபர்ம்வேரில் வைஃபை கடவுச்சொல்லை எழுதிக் கமிட் செய்து, பிறகு அடுத்த கமிட்டில் நீக்கினால் அது போய்விடாது. வரலாற்றுப் பக்கத்தில் சிவப்பு வரியாக, நீக்கப்பட்டது என்று சுட்டிக்காட்டியபடி நிற்கும். பார்க்க வந்த பொறியாளர் கமிட்டுகளைப் புரட்டினால் கண்ணில் பட்டுவிடும். அப்படி ஆகியிருந்தால் முதலில் ரௌட்டரில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றை `git filter-repo` கொண்டு சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அடுத்துதான். தொடக்கத்திலேயே கடவுச்சொல்லை secrets.h என்ற தனிக் கோப்பில் வைத்து .gitignore-இல் சேர்த்து, வெற்று மதிப்புகளோடு secrets.example.h என்ற மாதிரியை மட்டும் வெளியே வைப்பது எளிது. ஆனால் ஒன்று, ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை .gitignore தடுக்காது. அதற்கு `git rm --cached` தேவை.

எல்லாம் முடிந்ததும் பலகையில் அச்சான பதிப்பு எண்ணையே டேக் ஆகப் போடுங்கள். பலகையில் v2.0 என்று இருந்தால் `git tag -a v2.0 -m "board v2.0"`, பிறகு `git push origin v2.0`. புகைப்படத்தில் தெரியும் பலகைக்கு எந்தச் சர்க்யூட், எந்த ஃபர்ம்வேர் என்பதில் அதன்பின் சந்தேகம் வராது.

வெளியே அனுப்பும் முன் ஒரு சோதனை. வேறொரு அடைவில் ரெப்போவைப் புதிதாகக் குளோன் செய்து, அங்கிருந்து கீகேட்டில் திறந்து, ஃபர்ம்வேரையும் கம்பைல் செய்து பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் இருந்த முப்பரிமாண மாதிரிகளும் லைப்ரரிகளும் அப்போதுதான் காணாமல் போயிருப்பது தெரியும். லாகின் இல்லாத பிரவுசர் ஜன்னலில் ரீட்மியையும் திறந்து பாருங்கள். படம் உடைந்திருந்தால் பெரும்பாலும் பெயரில் எழுத்து வேறுபாடுதான். விண்டோஸுக்கு Board.JPG-யும் board.jpg-யும் ஒன்று, கிட்ஹப்புக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். விண்டோஸில் பெயரை மாற்றும்போதும் எக்ஸ்புளோரரில் மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம், `git mv Board.JPG board.jpg` என்று கிட்டிடமே சொல்லி மாற்றுங்கள்.