மாநாட்டுத் தகவல் பக்கத்தில் புகார்ப் பகுதியை எப்படி எழுத வேண்டும்?

பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க நிறுவனங்களில் அமைக்கும் உள்ளகப் புகார்க் குழுக்கள் சிலவற்றில் நான் வெளி உறுப்பினராக இருப்பதால், மாநாடு நடத்துவோர் தங்கள் நடத்தை விதிகளையும் பங்கேற்பாளர்களுக்கான தகவல் பக்கத்தையும் எனக்கு அனுப்பி ஒருமுறை பார்த்துத் தரச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். வாகன நிறுத்தம் பற்றி நான்கு வரிகளும் உணவு பற்றி இரண்டு வரிகளும் வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும். கடைசியில், “அனைவரும் கண்ணியத்துடன் நடந்துகொள்ள வேண்டும், மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும், புகார்களுக்கு இம்மின்னஞ்சலைத் தொடர்புகொள்க” என்று இருக்கும். முதல் நாள் இரவு விருந்தில் ஒன்பது மணிக்கு ஒருவருக்குத் தொல்லை நேர்ந்தால், அந்த மின்னஞ்சலை அந்நேரத்தில் திறந்து பார்ப்பவர் யார் என்று கேட்டால் அமைப்பாளர்களிடம் பதில் இருப்பதில்லை.

புகார்ப் பகுதி மற்ற மூன்றிலிருந்தும் தனித்து நிற்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாகன நிறுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து முடிந்து தனியாக அடித்தள நிறுத்தத்துக்கு இறங்கிச் செல்லும் பெண்ணுக்கு, எந்தப் படிக்கட்டில் விளக்கு எரிகிறது, காவலாளி எத்தனை மணி வரை இருப்பார், எந்த வாயில் எப்போது பூட்டப்படும் என்பவைதாம் தேவையான தகவல்கள். “போதிய வாகன நிறுத்த வசதி உண்டு” என்ற வரியால் அவருக்குப் பயனில்லை. பின்வாசலை இரவு பத்து மணிக்குப் பூட்டுவது விடுதியின் வழக்கம் என்றால், அது பக்கத்தில் இருக்க வேண்டும்.

உணவிலும் பொத்தாம்பொதுவாக எழுதியதே சிக்கலைத் தருகிறது. சைவம், அசைவம் என்ற இரு பலகைகள் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் முந்திரி ஒவ்வாமை உள்ளவருக்குச் சைவக் குருமாவே ஆபத்து. கோதுமை சேராத உணவு வேண்டுவோருக்கு இட்லியும் சாம்பாரும் பாதுகாப்பானவை என்று சமையல் பொறுப்பாளர் உறுதியாகச் சொல்வார். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும் என்பது அவருக்கு நினைவில் இருக்காது. ஆகவே “கோதுமை இல்லாதது” என்று அட்டை எழுதும் முன் பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். அது முடியாவிட்டால் அந்த அட்டையை வைக்காமல், உணவில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று சொல்லக்கூடியவரின் பெயரைப் போடுவதே நேர்மை.

வைஃபை பற்றிச் சுருக்கமாக ஒன்று. முந்நூறு பேர் வந்தால் கைப்பேசியும் மடிக்கணினியுமாக அறுநூறு கருவிகள் இணைய முயலும். விடுதியின் சாதாரண அமைப்பில் ஒரு வலையத்துக்கு, கருவிக்கு ஒன்றாக, 254 முகவரிகள்தாம் கிடைக்கும். அவை தீர்ந்ததும், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வலையத்தைப் பெரிதாக்கச் சொல்லி விடுதியின் கணினிப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். குறுஞ்செய்தியில் வரும் கடவெண்ணை இட்டால்தான் நுழையலாம் என்ற அமைப்பில், வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் வெளியே நின்றுவிடக்கூடும். அவர்களுக்கு வரவேற்பு மேசையில் தனிச் சீட்டு தர வேண்டும். புகார்ப் பகுதியோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அண்மையில் பல மாநாடுகளில் சுவரில் கியூஆர் குறியீடு ஒட்டி, அதன் வழியாக மட்டும் புகார் பெறுகிறார்கள். வைஃபை படுத்த நேரத்தில், சிக்னல் எட்டாத அடித்தளக் கூடத்தில், அந்தக் குறியீடு வெறும் படம்தான். எனவே ஒரு கைப்பேசி எண்ணும், நேரில் அணுகக்கூடிய இருவரின் பெயரும் படமும் அடையாள அட்டையின் பின்புறத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. இருவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. புகார் அந்நிறுவனத்தவர் மீதே வரலாம்.

இனிப் புகாருக்கு வருவோம். இரண்டு நாள் மாநாடு, கோவையில் ஒரு விடுதி, முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் விருந்தில், வேறொரு நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் ஓர் இளம் பொறியாளரின் தோளில் இருமுறை கைவைக்கிறார். அவர் விலகி அமர்ந்த பிறகும் பின்தொடர்ந்து வந்து அறை எண் கேட்கிறார். அந்தப் பெண் 9.20 மணிக்கு அட்டையில் உள்ள எண்ணை அழைக்கிறார்.

அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, “இப்போது எங்கே இருக்கிறீர்கள், உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?” என்பதே. அடுத்தது, “இந்த நேரத்தில் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?” என்பது. சிலர் அறைவரை துணைக்கு வரச் சொல்வார்கள். சிலர் மறுநாள் அந்த ஆள் தங்கள் அமர்வில் இருக்கக் கூடாது என்பார்கள். சிலர் பதிவு செய்துகொண்டால் மட்டும் போதும் என்பார்கள். “நீங்கள் ஏன் உடனே எழுந்து போகவில்லை?”, “அவர் பெரிய மனிதர், அப்படிச் செய்திருப்பாரா?” போன்ற கேள்விகள் நம் ஊரில் வாயில் தானாக வந்துவிடும். அவற்றை அடக்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும். பிறகு நடந்ததை அவர் சொற்களிலேயே, நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் சேர்த்து எழுதி, அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். “தோளில் கைவைத்தார்” என்று அவர் சொன்னதை “தகாத முறையில் நடந்தார்” என்று மாற்றி எழுதினால், பின்னர் விசாரணையில் அந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இராது.

அன்றிரவே, புகாருக்குள்ளானவரோடு தொழில் உறவோ நட்போ இல்லாத மூவர் கூடி, தற்காலிக ஏற்பாட்டை மட்டும் முடிவு செய்யலாம். அவரைத் தனியே அழைத்து, புகார் வந்திருப்பதையும், அந்தப் பெண்ணை நேரிலோ பிறர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது என்பதையும் சொல்லி, அவர் தரப்பையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் மறுநாள் அமர்வுகளுக்கு வர வேண்டாம் எனலாம்; அட்டையைத் திரும்பப் பெறலாம். முடிவு எதுவானாலும் அதை முதலில் அறிய வேண்டியவர் புகார் தந்தவர்; மறுநாள் காலை உணவுக்கு இறங்கி வரும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமைப்பாளர்களின் அதிகாரம் இங்கே முடிகிறது. குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் மாநாட்டுக் குழு அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணியின் பொருட்டு ஓர் ஊழியர் செல்லும் எந்த இடமும் பணியிடமே. நிறுவனம் அனுப்பி வந்த பொறியாளருக்கு அந்த விடுதிக் கூடமும் அவ்வகையில் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனத்தில் இருப்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும். அதற்குள் தர முடியாத சூழல் இருந்ததென்று குழு ஏற்றால், மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தொல்லை தந்தவர் வெளி நிறுவனத்தவராக இருந்தாலும், பெண்ணின் சொந்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பெண் காவல்துறையில் புகார் தர விரும்பினால் அதற்கு உதவுவது அவருடைய நிறுவனத்தின் கடமை. தகவல் பக்கத்தில் இந்த வழிகளோடு, 112, 181 என்ற உதவி எண்களையும், “இங்கே சொன்னதாலேயே அங்கே புகார் தந்ததாக ஆகாது” என்ற வரியையும் சேர்க்க வேண்டும். மாநாட்டில் சொல்லிவிட்டோம், எல்லாம் நடக்கும் என்று காத்திருந்து மூன்று மாதத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இச்சட்டம் பெண்களுக்கானது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, ஆண்களுக்கோ திருநர்களுக்கோ நேரும் தொல்லை, அனுமதியின்றிப் படம் எடுத்துப் பகிர்வது ஆகியவற்றை மாநாட்டின் நடத்தை விதிகளில் தனியே எழுதினால்தான் அமைப்பாளர்கள் தலையிட அடிப்படை கிடைக்கும். விதிகள் பேச்சாளர்களுக்கும் நன்கொடையாளர் நிறுவனத்தாருக்கும் பொருந்தும் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். அவர்கள் மீது புகார் வரும்போதுதான் குழுவின் குரல் தாழ்ந்துவிடுகிறது. பரிமாற வரும் விடுதிப் பணியாளர்களை நடத்தும் விதமும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே. அவர்களுடைய புகாரை யார் கேட்பார் என்று விடுதி நிர்வாகத்திடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

அமைப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, “பேசி முடித்துக்கொள்ளுங்கள், பெரிதுபடுத்த வேண்டாம்” என்று கைகுலுக்க வைப்பது. சட்டப்படி சமரசம் என்பது புகார் தந்த பெண் தானே கேட்டால், விசாரணை தொடங்கும் முன், குழுவின் வழியாக மட்டுமே நடக்கலாம். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. சட்டப்படி அமைந்த குழுவுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், விருந்துக்கூடத்து ஓரத்தில் நிற்கும் அமைப்பாளருக்கு அந்த உரிமை அறவே கிடையாது. மறுபக்கம், ஆத்திரத்தில் பெயரை மேடையில் அறிவிப்பதும் கூடாது. சட்டத்தின்கீழ் புகார் போகும்போது இருவர் பெயரும் வெளியே வரக் கூடாது என்பது விதி. நிரூபணமாகாத நிலையில் பெயரை அறிவிப்பது அவதூறு வழக்குக்கும் இடம் தரும்.

மாநாடு முடிந்த பின், எத்தனை புகார்கள் வந்தன, என்ன வகை, என்ன செய்தோம் என்று பெயரின்றி வெளியிடும் வழக்கத்தை பைத்தான் நிரல்மொழியினர் அமெரிக்காவில் நடத்தும் பைகான் மாநாடு பின்பற்றியிருக்கிறது. நம் மாநாடுகளும் செய்யலாம். ஆனால் முந்நூறு பேர் கூடிய சிறிய துறையில், “விருந்தில் ஒரு மேலாளர்” என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், விவரத்தைக் குறைத்தே எழுத வேண்டும். புகார்க் குறிப்புகள் ஒருவர் பொறுப்பில் மட்டும், குழுவின் பொது வாட்ஸ்அப்புக்கும் பகிர்ந்த கோப்புறைக்கும் வெளியே இருக்கட்டும். காலக்கெடு ஆறு மாதம் வரை நீளக்கூடும் என்பதால் குறைந்தது அதுவரை அவற்றை அழிக்கக் கூடாது. விசாரணை தொடங்கியிருந்தால் அது முடியும் வரை. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் குழு சாட்சியம் கேட்டு எழுதும்போது, மாநாட்டுக் குழுவே கலைந்துபோயிருக்கலாம். அப்போது யாரிடம் கேட்பது என்பதும், அவருடைய எண்ணும் தகவல் பக்கத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும்.